மலையில் தீ உண்டு, புகைதான் இல்லை: நியாயக் கணக்கில் இது பிரமையா?

மூணாம்பெஞ்ச் | பிப்ரவரி 11, இரவு 10:40

நேரடியாகக் கேள்வி. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே தீ இருக்கிறது என்பது இந்தியத் தர்க்க மரபான நியாயத்தின் நூல்களில் தேய்ந்துபோன உதாரணம். அதில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். அவன் கண்டது புகை இல்லை, புழுதி. புகை என்று எண்ணிவிட்டான். "மலையில் தீ" என்று முடிவும் கட்டிவிட்டான். மலையில் உண்மையிலேயே தீ எரிந்துகொண்டிருந்தது, ஆனால் அவன் கண்ணுக்கு எட்டாத மடிப்பில். அவனுக்குக் கிடைத்தது அறிவா, அதிர்ஷ்டமா?

1963-ல் எட்மண்ட் கெட்டியர் மூன்று பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி இந்த மாதிரிப் புதிரை மேற்கத்திய அறிவாய்வியலின் நடுவில் போட்டார். அறிவு என்றால் உண்மையான, நியாயமான ஆதாரமுள்ள நம்பிக்கை என்று அதுவரை ஒப்பேற்றி வந்தார்கள். உண்மையும் இருக்கிறது, நம்பக் காரணமும் இருக்கிறது, ஆனாலும் அறிவு என்று சொல்ல வாய் வரவில்லை என்று அவர் காட்டினார். இதே புதிரை 8-ஆம் நூற்றாண்டிலேயே தர்மோத்தரர் சொல்லியிருக்கிறார். இறைச்சி சுட இப்போதுதான் தீ மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் எழவில்லை. வாசனைக்குப் பூச்சிகள் மொய்க்கின்றன. தூரத்தில் இருப்பவன் அந்தக் கருப்பு மொய்ப்பைப் புகை என்று எண்ணித் தீயை அனுமானிக்கிறான்.

அப்படியானால் நியாயக்காரர்கள் பதிலும் வைத்திருக்க வேண்டுமே. பிரமை என்றால் இங்கே மயக்கம் இல்லை, உண்மையான அறிவு. நான் படித்த இரண்டு இடங்களில் ஒன்று "பிரமை" என்கிறது, இன்னொன்று "இல்லை" என்கிறது. எது சரி?

தர்க்கசிங்கம் | பிப்ரவரி 11, இரவு 11:15

இதில் என்ன குழப்பம். சரியாக அறியும் வழியான பிரமாணத்தால் பிறந்தால்தான் பிரமை. புழுதியைப் புகை என்று கண்டது பிரமாணம் இல்லை, பிரமாணம் மாதிரித் தெரியும் போலி. போலியில் பிறந்தது பிரமை ஆகாது. நியாய சூத்திரம் எழுதிய கௌதமர் அப்போதே முடித்த விஷயம். கெட்டியருக்குப் பதில் தேடி அறுபது வருஷம் வீணடித்தவர்கள் நியாய சூத்திரத்தைப் புரட்டியிருந்தால் அன்றைக்கே தூங்கப் போயிருக்கலாம்.

மூணாம்பெஞ்ச் | பிப்ரவரி 11, இரவு 11:52

படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு சுலபமாக முடியும் என்றால் சந்தேகம் வருகிறது. தர்மோத்தரர் பௌத்தர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் மேலே அவரையும் நியாயத்தையும் ஒரே மூச்சில் சொன்னது பார்ப்பவருக்குக் குழப்பும். அவர் தர்மகீர்த்தி மரபு. அந்த மரபோடு நூற்றாண்டுக்கணக்கில் சண்டை போட்டவர்கள்தான் நியாயக்காரர்கள்.

பழைய பாடசாலை | பிப்ரவரி 12, காலை 6:05

சிங்கம் சொன்னதில் பாதி சரி. காரணம் போலி என்பது சரி. விளைவும் போலி என்று அதிலிருந்து குதித்ததுதான் தவறு.

நியாயத்தின் பாலபாடமான தர்க்கசங்கிரகம் படித்த எவருக்கும் இந்த வரி மனப்பாடமாக இருக்கும்: தத்வதி தத்ப்ரகாரகோ அனுபவோ யதார்த்தஃ. எதில் எது உண்டோ, அதில் அது உண்டு என்று அறிவதே உண்மை அனுபவம். அதுவே பிரமை. இப்போது உங்கள் புழுதிக்காரனை எடுங்கள். மலையில் தீ உண்டு. மலையில் தீ உண்டு என்று அவன் அறிகிறான். இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. எந்த வழியில் வந்து சேர்ந்தான் என்று இந்த வரி கேட்கவே இல்லை.

"வழி கெட்டால் விளைவு கெடாதா" என்பீர்கள். உண்மை அனுபவம் பிறக்க அதற்கென்று ஒரு நற்காரணம் வேண்டும் என்று நியாயக்காரர்களும் சொல்கிறார்கள், குணம் என்பார்கள். அனுமானத்தில் அந்தக் குணம் எது? 17-ஆம் நூற்றாண்டு விசுவநாதரின் பாஷாபரிச்சேதம் சொல்கிறது: பக்ஷே சாத்யவிசிஷ்டே து பராமர்சோ குணோ பவேத். சாதிக்க வேண்டியது உண்மையில் இருக்கும் இடத்தைப் பற்றி, முடிவுக்குச் சற்று முன் எழும் எண்ணமான பராமரிசம்தான் குணம். கவனமாகப் படியுங்கள். "தீ உள்ள மலை" என்கிறாரே தவிர, "உண்மையான புகை உள்ள மலை" என்று கேட்கவில்லை. புழுதிக்காரனின் மலையில் தீ இருக்கிறது. "தீயோடு எப்போதும் சேர்ந்திருக்கும் புகை இந்த மலையில் உண்டு" என்ற பராமரிசமும் அவனுக்கு இருக்கிறது, பொய்யானாலும். குணம் வந்துவிட்டது. இந்தப் புழுதிப் புதிரை மனதில் வைத்தே வாசகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

மூணாம்பெஞ்ச் | பிப்ரவரி 12, மதியம் 1:30

சாப்பாட்டு நேரத்தில் இதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை. அப்படியானால் குருட்டு அதிர்ஷ்டமும் பிரமையா?

ஸ்ரீஹர்ஷர் இதைத்தானே பிடித்துக்கொள்கிறார். ஒருவன் கைக்குள் சோழிகளை மூடிக்கொண்டு எத்தனை என்று கேட்கிறான். மற்றவன் வாய்க்கு வந்தபடி "ஐந்து" என்கிறான். ஐந்துதான் இருக்கிறது. உண்மை அனுபவம்தான் பிரமை என்றால் இதுவும் பிரமையா என்று கேட்டு நியாய ஆசிரியர் உதயனரின் இலக்கணத்தை மடக்குகிறார். 12-ஆம் நூற்றாண்டு, கண்டனகண்டகாத்யம். நளன் கதையை நைஷதமாகப் பாடிய அதே ஸ்ரீஹர்ஷர்தான். அதிவீரராம பாண்டியர் வழியாக நமக்கு நைடதமாக வந்தது. புலவர்க்கு ஔடதம் எழுதக் காரணமானவர் தர்க்கக்காரர்களுக்கு மட்டும் விஷம் காய்ச்சியிருக்கிறார்.

லேப்கோட் | பிப்ரவரி 12, மாலை 7:20

நான் மேற்குப் பக்கம்தான் படித்தவன், சமஸ்கிருதம் தெரியாது. என் சந்தேகம் வேறு. கெட்டியருக்குப் பிறகு 1967-ல் ஆல்வின் கோல்ட்மன், நம்பப்படும் விஷயமே அந்த நம்பிக்கைக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்றார். தீ புகையை உண்டாக்கி, புகை உன் கண்ணுக்கு வந்து, நீ தீயை அறிந்தால் அறிவு. புழுதியைத் தீ உண்டாக்கவில்லை, சங்கிலி அறுந்தது, அறிவு இல்லை. நியாயமும் காரணங்களைப் பற்றித்தான் பேசுகிறது, ஆகவே கோல்ட்மனுக்கு அண்ணன் என்றுதான் எங்கும் படித்தேன். பாடசாலை ஐயா சொல்வதைப் பார்த்தால் அண்ணன் தம்பி உறவே இல்லை போலிருக்கிறதே?

பழைய பாடசாலை | பிப்ரவரி 12, இரவு 9:10

காட்சியில் உறவு உண்டு. புலனும் பொருளும் சேர்ந்ததில் பிறந்தது, பிசகாதது, ஐயமற்றது என்று சூத்திரமே காட்சிக்கு இலக்கணம் சொல்கிறது. அங்கே கோல்ட்மன் கேட்கும் சங்கிலி இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. அனுமானத்தில் அப்படி இல்லை. தீ புகைக்குக் காரணம் என்பது முக்கியமே இல்லை, புகை இருக்கும் இடத்தில் தீ இல்லாமல் இருக்காது என்பது போதும். சுவையை வைத்து நிறத்தை அனுமானிக்கலாம், சுவை நிறத்துக்குக் காரியம் இல்லை.

இன்னொன்று, உங்கள் "நம்பிக்கை" மனதில் தங்கியிருக்கும் சரக்கு. நியாயத்தின் ஞானம் அப்படி இல்லை. அது ஒரு நிகழ்ச்சி, ஆத்மாவில் தோன்றி மறைவது, பொய்யான ஞானமும் ஞானமே. நினைவைக் கூட அவர்கள் பிரமையில் சேர்ப்பதில்லை. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைக்கும்போது எதோடு எதை வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

சித்தாந்த மாணவி | பிப்ரவரி 13, காலை 8:45

வேதம் பிரமாணமா இல்லையா என்பதுதானே உண்மையான கேள்வி? அதை விட்டுவிட்டுப் புகை, புழுதி என்று எதற்குச் சுற்ற வேண்டும்? எங்கள் சிவஞான சித்தியாரிலும் அளவை என்னும் பிரமாணம் முதலில் வருகிறது, நம்பத்தக்கவர் வாக்கான உரை இல்லாமல் காட்சியும் அனுமானமான கருதலும் எங்கே போய்ச் சேரும்?

மூணாம்பெஞ்ச் | பிப்ரவரி 13, காலை 9:30

சகோதரி, கேள்வி அது இல்லை. ஆனால் உரை பற்றிச் சொன்னதால் ஒன்று. நியாய சூத்திரத்துக்கு எழுதிய விளக்கவுரையில் வாத்ஸ்யாயனர், ஆப்தன் என்றால் விஷயத்தை நேரில் அறிந்து, அறிந்தபடி சொல்ல விரும்புபவன் என்கிறார். இது ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று கையோடு சேர்க்கிறார். ஆகவே அவர் கணக்கில் வழி சொல்லும் பால்காரரும் பிரமாணம்தான். வேதம் பிறகு வரும் வழக்கு.

மலையோரம் | பிப்ரவரி 14, மாலை 6:50

எனக்குச் சாஸ்திரம் தெரியாது. தங்கச்சி மகன் இந்த இழையைக் காட்டினான். நான் தேனிப் பக்கத்து மலையில் தீக்காலத்தில் வாட்சராக இருந்தவன். நீங்கள் சொல்லும் புழுதிக் கதை எங்களுக்கு நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

மேடையில் என்னோடு இருந்த பெரியவர் மத்தியானம் வாக்கிடாக்கியில் "கிழக்கு முகட்டுக்கு மேலே புகை" என்று கொடுத்தார். கீழே இருந்து ஆட்கள் கிளம்பிப் போனார்கள். தீ இருந்தது. புல்லில் கொஞ்சம் பிடித்திருந்தது, பச்சைத் தழையால் அடித்து அணைத்துவிட்டார்கள். பெரியவருக்கு நல்ல பேர். சாயங்காலம் இறங்கி வந்த பையன்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் கணக்கு ஒத்துவரவில்லை. தீ முகட்டில் இல்லை, பின்னால் ஓடைப் பள்ளத்தில். மேடையிலிருந்து அந்தப் பள்ளம் தெரியாது. காய்ந்த புல் என்பதால் புகையும் மேலே வந்து சேர்கிற அளவுக்கு இல்லை. முகட்டில் அந்த நேரத்தில் எஸ்டேட் ஜீப் ஒன்று ஏறியிருக்கிறது. அவர் பார்த்தது அந்த மண்.

பெரியவருக்குத் தீ இருந்தது தெரிந்ததா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? தெரிந்ததால்தான் சொன்னார். ஆனால் தெரியாது.

மூணாம்பெஞ்ச் | பிப்ரவரி 14, இரவு 8:15

அண்ணே, கடைசி இரண்டு வரியை யாராவது அகராதியில் போட வேண்டும்.

கேட்க ஒன்று இருக்கிறது. புகையையும் மண்ணையும் மேடையிலிருந்து எப்படிப் பிரிப்பீர்கள்?

மலையோரம் | பிப்ரவரி 14, இரவு 9:40

அடியைப் பார்க்க வேண்டும். புகைக்கு அடி ஒரே இடத்தில் நிற்கும், அங்கிருந்து விடாமல் ஏறும், மேலே போகப் போக விரியும், காற்று அடித்தால் தலை சாயும், அடி நகராது. மண் அடியோடு நகரும், பாதை போகிற வாக்கில் நீளமாக ஓடும், வண்டி நின்றால் கொஞ்ச நேரத்தில் படிந்துவிடும். காலை மூடுபனி பள்ளத்தில் படுத்துக் கிடக்கும், வெயில் ஏறினால் கலையும். அடி தெரியாவிட்டால் அவசரப்படக் கூடாது, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பெரியவர் அன்றைக்கு அடியைப் பார்க்கவில்லை. முகடு மறைத்துவிட்டது.

பழைய பாடசாலை | பிப்ரவரி 15, காலை 5:50

இரவு இதைப் படித்துவிட்டுத் தர்க்கபாஷை என்ற நியாய நூலை எடுத்தேன். கேசவ மிசிரர் அனுமானத்தை விளக்கும் இடத்தில் வெறும் "புகையைப் பார்த்து" என்று எழுதவில்லை. அவிச்சின்னமூலாம் அப்ரம்லிஹாம் தூமலேகாம் என்கிறார். அடி அறாத, மேகத்தை நக்கும் புகைக் கோடு. பாடசாலையில் இந்த அடைமொழிகளைக் கவிதை அலங்காரம் மாதிரி ஒப்பித்துவிட்டுப் போவோம். மலையோரம் சொன்ன பிறகுதான் அது வேலைக்கான குறிப்பு என்று படுகிறது. அடி அறாமல் இருந்தால் அது புழுதியும் இல்லை, மூடுபனியும் இல்லை.

தர்க்கசிங்கம் | பிப்ரவரி 15, காலை 10:20

பார்த்தீர்களா! பெரியவர் கண்டதற்கு அடி இல்லை, ஆகவே அனுமானத்துக்குக் காட்டும் காரணமான ஏது பொய். ஏதுப்போலி. ஆகவே பிரமை இல்லை. நான் முதல் நாளே சொன்னது.

பழைய பாடசாலை | பிப்ரவரி 15, காலை 11:00

ஏதுப்போலி என்பது சரி. சாதிக்கும் இடமான பக்ஷத்தில் ஏதுவே இல்லாத அசித்தம். வாதத்தில் நான் எதிரியாக இருந்தால் "புகை அங்கே இல்லை" என்று ஒரு வார்த்தையில் பெரியவரைத் தோற்கடிப்பேன். ஆனால் வாதத்தில் தோற்றவன் சொன்னது பொய் என்று எந்த நியாயக்காரனும் எழுதவில்லை. அவன் நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான். "ஆகவே" என்று நீங்கள் போடும் இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் தாண்டுகிறீர்கள்.

மூணாம்பெஞ்ச் | பிப்ரவரி 15, இரவு 10:30

முதல் நாள் எது சரி என்று கேட்டேன். இரண்டும் சரியாக இருக்க வழி இருக்கிறது என்று இப்போது படுகிறது. நியாயக்காரர்கள் இரண்டு கேள்விகளை இரண்டு பேரேட்டில் வைத்திருக்கிறார்கள். வந்த ஞானம் பொருளோடு ஒத்துப்போகிறதா என்பது ஒரு பேரேடு. காட்டிய ஏது பழுதா என்பது இன்னொன்று. பெரியவருக்கு முதல் பேரேட்டில் வரவு, இரண்டாவதில் பற்று. கெட்டியருக்குப் பிறகு வந்தவர்கள் "அறிவு" என்ற ஒரே பேரேட்டில் இரண்டையும் எழுதப் பார்க்கிறார்கள், அதனால்தான் கணக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

ஆனால் இதை எழுதி முடித்ததுமே ஒரு முள். மலையோரம் அண்ணன் கதையில் என்னைத் தூங்கவிடாதது வேறு இடம். ஒரு ஞானம் சரியா என்று அது பிறக்கும்போதே தெரியும் என்று மீமாம்சகர்கள் சொல்வார்கள். நியாயக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வெளியிலிருந்து சோதிக்க வேண்டும் என்பார்கள். வாத்ஸ்யாயனரின் உரை தொடங்குவதே இதில்தான்: பிரமாணத்தால் பொருளை அறிந்து செயலில் இறங்கினால் செயல் பலிக்கிறது, அதனால் பிரமாணம் பொருளுள்ளது. தண்ணீர் என்று கண்டவன் போய்க் குடித்துத் தாகம் தீர்ந்தால் அவன் கண்டது சரி.

பெரியவர் விஷயத்தில் செயல் முழுக்கப் பலித்தது. ஆள் போனார்கள், தீ இருந்தது, அணைத்தார்கள். இந்தச் சோதனை அவரைத் தேற வைக்கிறது. ஏது பொய் என்பதை அது எந்தக் காலத்திலும் காட்டிக்கொடுக்காது. பையன்கள் பள்ளத்தைப் பற்றிச் சொன்னதாலும், ஜீப் பற்றிய தகவல் வந்ததாலும் மட்டும்தான் தெரிந்தது. அதாவது விளைவைச் சோதித்ததில் இல்லை, ஏதுவைத் தனியாகச் சோதித்ததில்.

லேப்கோட் | பிப்ரவரி 16, காலை 7:30

அடுத்த நாளும் அதே முகட்டில் மண் பறந்தால் பெரியவர் மறுபடி "புகை" என்பார், அன்றைக்குத் தீ இருக்காது. நம்பகவாதிகள் கேட்பது அதுதான்: ஒரு தடவை அடித்ததா என்று பார்க்காதே, இந்த வழி பொதுவாக அடிக்குமா என்று பார். நியாயத்திடம் இந்தக் கேள்வி இருக்கிறதா?

பழைய பாடசாலை | பிப்ரவரி 16, இரவு 8:00

இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். ஒரே தடவை செயல் பலித்தது என்பதோடு விடுவதில்லை, முன்பு பலித்தவற்றோடு இது ஒரே ஜாதியா என்றும் பார்ப்பார்கள். பழகிய ஆற்றுத் தண்ணீரைக் கண்டதும் குடித்துப் பார்க்காமலே நம்புவது அப்படித்தான். பெரியவரின் அன்றைய பார்வை, அடி தெரிந்த பழைய பார்வைகளோடு ஒரே ஜாதி இல்லை. இதை வைத்து மறுக்கலாம். ஆனால் எதை "ஒரே ஜாதி" என்பது என்று கேட்டால் சண்டை அங்கே தொடங்கும். உங்கள் நம்பகவாதிகளுக்கும் "எந்த வழி" என்பதில் இதே தலைவலி உண்டு என்று நினைக்கிறேன்.

லேப்கோட் | பிப்ரவரி 16, இரவு 8:25

உண்டு. பெரிய தலைவலி.

அப்படியே காட்சிக்கும் ஒன்று. 1976-ல் கோல்ட்மன் சொன்ன உதாரணம்: ஊர் முழுக்க முன்சுவர் மட்டும் வைத்த பொய்க் களஞ்சியங்கள், நடுவில் ஒன்றே ஒன்று நிஜம். வண்டியில் போகிறவன் தற்செயலாக அந்த நிஜத்தைப் பார்த்து "களஞ்சியம்" என்கிறான். அறிவு இல்லை என்கிறார்.

பழைய பாடசாலை | பிப்ரவரி 17, காலை 6:15

கண் நன்றாக இருக்கிறது, பொருள் நிஜம், சேர்க்கை நடந்தது. நான் காட்சிப் பிரமை என்பேன். பக்கத்து வயலில் பொய்ச் சுவர் நிற்பது இந்தச் சேர்க்கையை என்ன செய்யும்?

மூணாம்பெஞ்ச் | பிப்ரவரி 17, காலை 9:50

ஆனால் ஐயா, தூரத்தையும் தோஷம் என்று உங்கள் நூல்களே எண்ணுகின்றன. மஞ்சள் காமாலை கண்ணுக்குள் இருக்கும் தோஷம், தூரம் கண்ணுக்கு வெளியே இருப்பது. வெளியே இருப்பது தோஷமாக முடியும் என்றால் ஊர் முழுக்கப் பொய்ச் சுவர் இருப்பது ஏன் தோஷம் ஆகாது?

பழைய பாடசாலை | பிப்ரவரி 17, இரவு 9:30

தூரம் இந்தக் காட்சியை மங்கலாக்குகிறது. பொய்ச் சுவர்கள் இந்தக் காட்சியைத் தொடவில்லை. இப்போதைக்கு இப்படிச் சொல்கிறேன், முழுத் திருப்தி இல்லை.

மலையோரம் | பிப்ரவரி 20, இரவு 7:10

தீத்தடுப்புக் கோடு வெட்டும் இடத்துக்குப் பையன்களோடு போயிருந்தேன், அதனால் தாமதம். ஒன்று சொல்ல விட்டுப்போனது. புகை இருந்தால் தீ உண்டு என்கிறீர்கள், சரி. புகை இல்லை, அதனால் தீ இல்லை என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். காய்ந்த புல்லில் தீ ஓடும்போது புகை கம்மி. பச்சைத் தழை சேர்ந்தால்தான் தடிப்பாக வரும். புகை இல்லையே என்று சரிவில் ஏறினால் ஆள் மாட்டிக்கொள்வார்.

பழைய பாடசாலை | பிப்ரவரி 20, இரவு 8:40

நூலிலும் அப்படித்தான். தீ உள்ள இடமெல்லாம் புகை என்று சொன்னால் பழுக்கக் காய்ந்த இரும்பைக் காட்டி மறுப்பார்கள். தீயிலிருந்து புகைக்குப் போக ஈர விறகு சேர வேண்டும், அந்த ஒளிந்திருக்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். ஓர் அனுமானத்தை உடைக்க வேண்டுமானால் முதலில் உபாதி இருக்கிறதா என்றுதான் தேடுவோம்.

சித்தாந்த மாணவி | பிப்ரவரி 21, மாலை 4:30

நான் திரும்ப வந்துவிட்டேன். வாக்கிடாக்கியில் கேட்டுப் போன ஆட்களுக்கு என்ன கிடைத்தது? அவர்கள் பெரியவர் உரையை நம்பினார்கள். அவரோ அறிந்தபடிதான் சொன்னார், பொய் சொல்லவில்லை. ஆனால் நேரில் அறியவில்லை. அவர் அன்றைக்கு ஆப்தரா?

மூணாம்பெஞ்ச் | பிப்ரவரி 21, இரவு 11:20

இது நல்ல கேள்வி, என் கேள்வியைவிட நல்லது. ஹியூம் வழி வந்தவர்கள், சொன்னவர் முன்பு எத்தனை முறை சரியாகச் சொன்னார் என்று பார்த்து அனுமானிக்கச் சொல்வார்கள். பெரியவர் அதில் தேறிவிடுவார். நியாயத்தில் உரை தனிப் பிரமாணம், அனுமானத்தில் அடங்காது. ஆனால் ஆப்தனுக்கு இரண்டு தகுதி வேண்டும், பெரியவரிடம் நேர்மை இருக்கிறது, அன்றைக்கு அறிவில்தான் ஓட்டை. "முகட்டில் புகை" என்ற வாக்கியம் பொய். "அங்கே தீ" என்று அவர்கள் எடுத்துக்கொண்டது உண்மை. எந்த வாக்கியத்துக்கு அவர் ஆப்தர் என்று பிரித்துக் கேட்க வேண்டுமோ?

தர்க்கசிங்கம் | பிப்ரவரி 22, காலை 9:00

இப்போதெல்லாம் செயற்கைக்கோள் பார்த்து வனத்துறைக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது, பெரியவரே வேண்டாம். அது காட்சி. பிரச்சினை தீர்ந்தது.

லேப்கோட் | பிப்ரவரி 22, காலை 9:40

செயற்கைக்கோள் தீயைப் பார்ப்பதில்லை. தரையிலிருந்து வரும் வெப்பக் கதிர் சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் கட்டத்தைத் தீ என்று குறிக்கிறது. வியர்ஸ் கருவியில் ஒரு கட்டம் சுமார் 375 மீட்டர். ஆக அதுவும் அனுமானம், ஏது மட்டும் மாறியிருக்கிறது. வெயிலில் காய்ந்த பாறையோ தகரக் கூரையோ இங்கே புழுதி வேலையைப் பார்க்கும்.

மலையோரம் | பிப்ரவரி 22, இரவு 8:05

செய்தி வந்தாலும் ஆள் போய்த்தான் ஆக வேண்டும். முதலில் செய்தி, அப்புறம் பாதி வழியில் புகை தெரியும், அப்புறம் கிட்டப் போனால் தீ.

பழைய பாடசாலை | பிப்ரவரி 22, இரவு 9:15

மலையோரம், நீங்கள் படிக்காமலே வாத்ஸ்யாயனரைச் சொல்கிறீர்கள். ஒரே பொருளில் பல பிரமாணம் கூடுமா என்ற இடத்தில் அவர் எடுத்த உதாரணமே இந்த வரிசைதான். அங்கே தீ என்று ஆப்தன் சொல்லக் கேட்கிறான், நெருங்கும்போது புகை கண்டு அனுமானிக்கிறான், கிட்டப் போய்க் கண்ணால் காண்கிறான். கண்டபின் மேலும் அறியும் ஆசை நின்றுவிடுகிறது என்கிறார். பௌத்தரான திங்நாகர் இதை ஏற்க மாட்டார். காட்சிக்கு எட்டுவது வேறு, அனுமானத்துக்கு எட்டுவது வேறு, ஒரே தீயை இரண்டும் தொடுவதில்லை என்பார்.

மூணாம்பெஞ்ச் | பிப்ரவரி 23, காலை 7:05

அப்படியானால் ஓடைப் பள்ளத்தில் தழையால் அடித்த பையன்களுக்கு, முன்பு கேட்ட தீயும் அடித்த தீயும் ஒன்றா? வாத்ஸ்யாயனர் ஒன்று என்பார். ஆனால் பெரியவர் மனதில் இருந்த தீ முகட்டில் இருந்தது, அவர்கள் அணைத்தது பள்ளத்தில். "மலையில் தீ" என்று பொதுவாகச் சொன்னதால்தான் அவர் முதல் பேரேட்டில் தப்பினார். "முகட்டில் தீ" என்று எழுதினால் அங்கேயும் பற்றுதான். பக்ஷத்தை எவ்வளவு பெரிதாக எடுப்பது என்று யார் முடிவு செய்வது? பாடசாலை ஐயா, இதற்கு விசுவநாதர் ஏதாவது சொல்கிறாரா?

பழைய பாடசாலை | பிப்ரவரி 23, இரவு 10:00

பெரியவர் என்ன நினைத்தாரோ அதுதான் பக்ஷம், நாம் அகலப்படுத்தக் கூடாது. மலையோரத்தைத்தான் கேட்க வேண்டும், அவர் வாக்கிடாக்கியில் சொன்னது அப்படியே என்ன?

மலையோரம் | பிப்ரவரி 24, காலை 6:30

"கிழக்கே புகை கெளம்புது, ஆளை அனுப்பு." அவ்வளவுதான். முகடு என்று நான்தான் எழுதினேன்.